முடித்தவனுக்கு இன்னும் நாலு கணக்கா? மீத்திறன் மாணவர் குறித்து ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களின் கல்வி அலுவலர்களுக்கும், குறுவள மையங்களில் கூடும் நடுநிலைப் பள்ளிக் கணக்கு ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

ஏழாம் வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள். பயிற்சியில் ஆறு கணக்கு. பத்தாவது நிமிடத்தில் மூன்று பேர் நோட்டை மூடிவிட்டார்கள். பத்துப் பேர் இன்னும் முதல் கணக்கில் நிற்கிறார்கள். அந்த மூவரை என்ன செய்வது என்பதற்கு நம் பள்ளிகளில் வழக்கமாக மூன்று விடைகள் உண்டு. அடுத்த பயிற்சியைப் போடச் சொல்வது ஒன்று. பக்கத்துப் பெஞ்சுக்குச் சொல்லிக்கொடுக்க அனுப்புவது இன்னொன்று. எட்டாம் வகுப்பாக இருந்தால் படிப்புதவித் தேர்வுப் புத்தகத்தைக் கையில் கொடுத்துவிடுவது மூன்றாவது.

முதலாவதில் அந்தப் பிள்ளை ஒரு மாதத்திலேயே பாடம் கற்றுக்கொள்ளும்: சீக்கிரம் முடித்தால் வேலை கூடும், ஆகவே மெதுவாகப் போடு. இரண்டாவதில் சொல்லிக்கொடுப்பது அநேகமாக விடையைக் காட்டுவதாகவே முடியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இன்னொருவர் எங்கே தடுமாறுகிறார் என்று கேட்டறியும் பொறுமையை யாரும் பழக்கவில்லை. மூன்றாவது தேர்வுக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது ஒரு திறன், விடை இருக்கிறதா என்றே தெரியாத கேள்வியோடு ஒரு வாரம் உட்கார்ந்திருப்பது வேறொரு திறன்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பதினைந்து நாளுக்கு ஒரு முறை, அடுத்தடுத்த இரண்டு நாட்களில் ஒவ்வொரு பாடவேளை, வகுப்பு முழுவதற்கும் ஒரே கணக்கு. எல்லோரும் நுழையக்கூடிய கணக்கு, முடிவு மட்டும் சீக்கிரத்தில் அகப்படாத கணக்கு. முந்துகிற பிள்ளை அடுத்த பாடத்துக்கு ஓடாமல் அதே கணக்கில் கீழே இறங்க வேண்டும். அரும்பு, மொட்டு, மலர் என்று தொடக்க வகுப்புகளில் பிரித்த பழக்கத்தில் இங்கேயும் மூன்று தாள் அச்சடித்துவிடாதீர்கள். ஆளுக்கொரு கணக்கு கொடுத்துவிட்டால் கடைசிப் பத்து நிமிடத்தில் வகுப்பாகக் கூடிப் பேச எதுவும் இருக்காது.

எப்படிப்பட்ட கணக்கு என்று கேட்பீர்கள். ஒன்றே ஒன்றை எடுத்து முழுக்கச் சொல்லிவிடுகிறோம்.

கரும்பலகையில் 9 = 4 + 5 என்று எழுதுங்கள். கீழே 9 = 2 + 3 + 4. ஒன்பதை அடுத்தடுத்து வரும் எண்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதிவிட்டோம். கேள்வி இதுதான்: 1 முதல் 30 வரை எந்தெந்த எண்ணை இப்படி எழுத முடியும், எத்தனை விதமாக?

இரண்டு விதிகளை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1-க்குக் கீழே உள்ள எண்ணைச் சேர்க்கக் கூடாது. குறைந்தது இரண்டு எண்ணாவது வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் பாதி வகுப்பு 6 = 0 + 1 + 2 + 3 என்பதைத் தனி வழியாக எண்ணும். யாராவது 7 = 7 என்று எழுதி முடித்துவிடுவார். கரும்பலகையில் உள்ள கணக்கு ஆளுக்கொன்றாகிவிடும். பூச்சியத்தையும் குறை எண்களையும் சேர்த்தால் என்ன ஆகும் என்பது நல்ல கேள்விதான். அதை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.

முதல் நாள் நாற்பது நிமிடத்தில் அறிமுகத்துக்கு ஐந்து நிமிடம் போதும். அடுத்த இருபது நிமிடம் இருவர் இருவராக வேலை. சுவரில் 1 முதல் 30 வரை கட்டம் போட்ட ஒரு பெரிய தாளை ஒட்டிவிடுங்கள். கண்டுபிடித்ததை யார் வேண்டுமானாலும் எழுந்துபோய் அந்தக் கட்டத்தில் எழுதலாம். ஏற்கெனவே யாராவது எழுதியிருந்தால் கூட்டிப் பார்த்து சரியென்று ஒரு டிக் போடலாம். தானாகக் கண்டுபிடிக்காத பிள்ளைக்கும் அந்த டிக்கில் வேலை இருக்கிறது.

ஜோடி சேர்ப்பதில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. ரொம்பக் கெட்டிக்காரரையும் ரொம்பத் தடுமாறுபவரையும் ஒன்றாக உட்கார வைத்தால் பென்சில் ஒருவர் கையிலேயே இருக்கும், மற்றவர் தலையாட்டிக்கொண்டிருப்பார். வேகத்தில் அருகருகே உள்ளவர்களைச் சேருங்கள். மூன்று கெட்டிக்காரர்கள் இருந்தால் அவர்களை ஒரே குழுவாகவே விடலாம். கணக்கு எல்லோருக்கும் ஒன்றே என்பதால் அவர்கள் தனியாகப் பிரிந்துவிட மாட்டார்கள்.

ஆசிரியர் கையில் இரண்டு வகைச் சீட்டு இருக்கட்டும், போஸ்ட்கார்டு அளவில். முதல் வகை தொடங்கத் தடுமாறுபவர்களுக்கு. அதில் ஒரே வரி: “1+2, 2+3, 3+4 என்று வரிசையாகக் கூட்டிக்கொண்டே போ. என்னென்ன எண் வருகிறது?” இரண்டாம் வகை அட்டவணையை முடித்தவர்களுக்கு: “எந்த எண்ணுக்கு வழியே இல்லை? அந்த வரிசையில் 30-க்கு மேல் அடுத்தது எது? ஏன்?” பெயர் சொல்லிக் கொடுக்க வேண்டாம். மேசையில் வைத்துவிடுங்கள், வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும். பெயர் சொல்லிக் கொடுத்த முதல் நாளே எது மக்குச் சீட்டு என்று வகுப்புக்குத் தெரிந்துவிடும்.

சுமார் பதினைந்தாம் நிமிடத்தில் ஏதாவது ஒரு பெஞ்சிலிருந்து, “டீச்சர், எட்டுக்கு வரமாட்டீங்குதுங்க” என்று குரல் வரும். அப்போது வாயைத் திறக்காமல் இருப்பதுதான் ஆசிரியரின் வேலை. “எல்லா விதமாவும் பார்த்துட்டியா கண்ணு? எப்படித் தெரியும்?” என்று மட்டும் கேளுங்கள். “எட்டுக்கு வராது” என்று சொல்லிவிட்டால் அந்தப் பிள்ளையின் கண்டுபிடிப்பும் போனது, மீதி முப்பத்தொன்பது பேரின் தேடலும் போனது.

ஆசிரியர் சொல்லாவிட்டாலும் கெட்டிக்காரப் பிள்ளை கத்திச் சொல்லிவிடும் என்பது நியாயமான பயம். அதற்கு ஒரு வழி, ஊகச் சீட்டு. கண்டுபிடித்ததைச் சத்தமாகச் சொல்லக் கூடாது, தாளில் எழுதி மடித்து டப்பாவில் போட வேண்டும். வெறும் விதி எழுதினால் செல்லாது, அட்டவணையில் இல்லாத ஓர் எண்ணைப் பற்றி ஒரு முன்கணிப்பும் வேண்டும். “1, 2, 4, 8, 16-க்கு வராது. 32-க்கும் வராது, 64-க்கும் வராது, ஆனால் 48-க்கு வரும்” என்று எழுதினால் நல்ல சீட்டு. (48 = 15 + 16 + 17.) டப்பாவை மறுநாள்தான் திறப்பது. முதல் நாளின் மீதிப் பதினைந்து நிமிடத்தில் அட்டவணையைச் சேர்ந்து சரிபார்த்து, ஒவ்வொரு ஜோடியும் ஒரு சீட்டாவது போட்டுவிட்டுப் போகட்டும்.

டப்பாவில் என்ன கிடக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். “ஒற்றை எண்ணுக்கெல்லாம் வரும்” என்பது நிச்சயம் இருக்கும். 1-ஐ விட்டுவிட்டால் அது சரி. “மூன்றால் வகுபடும் எண்ணை மூன்று எண்ணாக எழுதலாம்” என்பதும் இருக்கும். அது 3-க்கு மட்டும் பொருந்தாது, அங்கே 0 + 1 + 2 ஆகிவிடும். “இரட்டை எண்ணுக்கு வராது” என்று ஓர் அவசரச் சீட்டும் இருக்கும், 6-ஐக் காட்டினால் விழுந்துவிடும். சுவாரசியமானது “பகா எண்ணுக்கு ஒரே ஒரு வழி” என்பது. 2-ஐத் தவிர மற்ற பகா எண்களுக்கு இது உண்மை. ஆனால் அதைத் திருப்பி, “ஒரே வழி இருந்தால் அது பகா எண்” என்று எழுதியிருப்பார்கள். 10, 12, 14 மூன்றுக்கும் ஒரே வழிதான். ஒரு கூற்று உண்மையாக இருந்தாலும் அதைத் திருப்பிப் போட்டது பொய்யாகலாம் என்பதை இதைவிட எளிதாகக் காட்ட முடியாது.

இரண்டாம் நாளுக்குப் புளியங்கொட்டை வேண்டும். ஜோடிக்குப் பதினைந்து என்றால் நாற்பது பேருக்கு முந்நூறு. இதில் செலவு ஒன்றுமில்லை.

12 கொட்டையை மூன்று வரிசையாக, வரிசைக்கு நாலாக அடுக்கச் சொல்லுங்கள். மேல் வரிசையிலிருந்து ஒன்றை எடுத்துக் கீழ் வரிசையில் போடுங்கள். மேலே 3, நடுவில் 4, கீழே 5. படிக்கட்டு வந்துவிட்டது. மூன்றின் மடங்குகளுக்கு ஏன் வருகிறது என்பது இந்த ஓர் அசைவிலேயே இருக்கிறது. கூட்டலில் தடுமாறுகிற பிள்ளையும் இதைச் செய்து காட்டிவிடும். இப்போது 10. ஐந்து வரிசை, வரிசைக்கு இரண்டு. நடு வரிசையைத் தொடாதீர்கள். அதற்கு மேலுள்ளது ஒன்றை இழந்து 1 ஆகிறது, அதற்கு நேர் கீழுள்ளது 3 ஆகிறது. ஆக மேல் வரிசை இரண்டையும் கொடுத்துவிட்டுக் காலியாகிறது, ஆகக் கீழ் வரிசை 4 ஆகிறது. மிஞ்சியது 1 + 2 + 3 + 4.

அடுத்தது 14. ஏழு வரிசை, வரிசைக்கு இரண்டு. இங்கே மேல் வரிசை மூன்று கொட்டை கொடுக்க வேண்டும், இருப்பதோ இரண்டு. என்ன செய்வது என்று விட்டுவிடுங்கள். “கடன் வாங்கிக்கலாமுங்க” என்று யாராவது சொல்வார்கள். கடன் ஒன்று, அதாவது −1. வரிசைகள் −1, 0, 1, 2, 3, 4, 5. கடனை 1 உள்ள வரிசை அடைத்துவிட்டால் மிச்சம் 2 + 3 + 4 + 5 = 14. ஏழாம் வகுப்பில் முழுக்கள் பாடம் நடத்தும்போது −1-ஐயும் 1-ஐயும் கூட்டினால் ஏன் 0 என்று எண்கோட்டில் காட்டிக் காட்டிச் சலித்துப்போயிருப்போம். இங்கே அது தேவையால் வருகிறது.

இப்போது 8. மூன்று வரிசை, ஐந்து வரிசை, ஏழு வரிசை எதிலும் சமமாக அடங்காது. இரண்டிலும் நாலிலும்தான் அடங்கும். இரண்டு வரிசையில் நாலு நாலாக வைத்து ஒன்றை நகர்த்தினால் 3, 5 என்று ஒரு படி தாண்டிவிடும். நடு வரிசை என்று ஒன்று இல்லாததுதான் சிக்கல்.

இந்த இடத்தில் கெட்டிக்காரப் பிள்ளை எழுந்து, “ஒற்றை எண் வரிசையா அடுக்க முடியாது, அதனால 8, 16-க்கு வராதுங்க” என்று நிரூபணத்தை முடித்துவிடும். கை தட்டிவிடாதீர்கள், அதில் ஓட்டை இருக்கிறது. கரும்பலகையில் 1 + 2 + 3 + 4 இருக்கிறதே, அதில் இருப்பது நாலு எண். இரட்டை எண்ணிக்கையிலும் படிக்கட்டு கட்டலாம் என்றால், எட்டுக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவருடைய உண்மையான வேலை இப்போதுதான் ஆரம்பம்.

விடை ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதனால் சொல்கிறோம். எண்கள் இரட்டை எண்ணிக்கையில் இருந்தால் முதலையும் கடைசியையும் சேர், இரண்டாவதையும் கடைசிக்கு முந்தியதையும் சேர். எல்லா ஜோடிக்கும் ஒரே கூட்டுத்தொகை வரும். நடுவில் உள்ள ஜோடி அடுத்தடுத்த இரண்டு எண், ஆகவே அதன் கூட்டுத்தொகை ஒற்றை எண். எண்கள் ஒற்றை எண்ணிக்கையில் இருந்தால் மொத்தம் என்பது எண்ணிக்கை பெருக்கல் நடு எண். எப்படிப் பார்த்தாலும் மொத்தத்துக்கு 1-ஐவிடப் பெரிய ஓர் ஒற்றைக் காரணி இருந்தே தீரும். 2, 4, 8, 16, 32 ஆகியவற்றுக்கு அப்படி ஒரு காரணி கிடையாது. அவ்வளவுதான்.

அதற்கும் கீழே படி உண்டு. எத்தனை விதம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 15-க்கு மூன்று விதம்: 7 + 8, 4 + 5 + 6, 1 + 2 + 3 + 4 + 5. 15-இன் ஒற்றைக் காரணிகள் 1, 3, 5, 15 என நாலு. எந்த எண்ணானாலும் ஒற்றைக் காரணிகளை எண்ணி ஒன்றைக் குறைத்தால் வழிகளின் எண்ணிக்கை. இதை ஆசிரியர் சொல்ல வேண்டாம். அட்டவணையை 50 வரை நீட்டச் சொன்னால் போதும். 45-க்கு ஐந்து வழி வந்து நிற்கும், ஆனால் சரியாக நாலு வழி உள்ள எண் ஒன்றுகூட அகப்படாது. மூன்று இருக்கிறது, ஐந்து இருக்கிறது, நாலு எங்கே? கெட்டிக்காரப் பிள்ளையை ஒரு வாரம் தூங்கவிடாத கேள்வி இது. 81-இல்தான் கிடைக்கும்: 40 + 41, 26 + 27 + 28, 11 முதல் 16 வரை, 5 முதல் 13 வரை. ஏன் 81 என்பதற்கு விடை, சரியாக ஐந்து ஒற்றைக் காரணிகள் உள்ள மிகச் சிறிய எண் அது என்பதுதான்.

அதையும் முடித்தவருக்குக் கடைசியாக ஒன்று. 15-இன் மூன்று வழிகளைத் திரும்பப் பாருங்கள். 1 + 2 + 3 + 4 + 5 = 7 + 8. விட்டுப்போனது 6. எட்டு வீடுள்ள தெருவில் ஆறாம் எண் வீட்டுக்காரருக்கு இந்தப் பக்கத்து வீட்டு எண்களின் கூட்டலும் அந்தப் பக்கத்துக் கூட்டலும் சமம். இப்படி வேறு தெரு உண்டா? அடுத்தது 49 வீடுள்ள தெருவில் 35-ஆம் வீடு. அதற்கடுத்தது 288 வீட்டில் 204-ஆம் வீடு. முதலாம் உலகப் போர்க் காலத்தில் ஓர் ஆங்கில இதழில் வந்த இந்தப் புதிரைக் கேம்பிரிட்ஜில் மகலனோபிஸ் படித்துக் காட்ட, அடுப்பில் காய் வதக்கிக்கொண்டிருந்த இராமானுஜன் எல்லாத் தெருக்களுக்கும் சேர்த்து ஒரே தொடர்பின்னத்தில் விடை சொன்னார். அவர் 1887-இல் பிறந்தது நம் ஈரோட்டில். நம் பிள்ளைகளில் ஒருவர் 49-ஐத் தானாகக் கண்டுபிடித்தாலே அது ஏழாம் வகுப்புக்குப் பெரிய காரியம்.

மற்றவர்கள் என்ன ஆனார்கள்? இந்த மடலின் பாதி அதற்குத்தான். இரண்டாம் நாள் முதல் பதினைந்து நிமிடம் கொட்டையோடு போய்விடும். பிறகு பதினைந்து நிமிடம் பேச்சு. யார் முதலில் பேசுவது என்பதில் கண்டிப்பாக இருங்கள். அட்டவணையில் கட்டங்களை நிரப்பியவர் முதலில், ஒற்றை எண் விதியைச் சொன்னவர் அடுத்து, கொட்டையை நகர்த்திக் காட்டியவர் அதன்பின். நிரூபணம் கடைசியில். தலைகீழாக நடத்தினால் முதல் பேச்சோடு மற்றவர்கள் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. நிரூபணத்தைச் சொல்கிற பிள்ளை கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் 12 கொட்டையை வைத்துப் பேச வேண்டும். அவர் சொன்னதை இன்னொரு பெஞ்சிலிருந்து ஒருவர் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். திருப்பிச் சொல்ல முடியவில்லையென்றால் விளக்கம் போதவில்லை, சொன்னவர்தான் மறுபடி முயல வேண்டும். அவருக்கும் இது கணக்குதான்.

கடைசிப் பத்து நிமிடத்தில் நோட்டில் எல்லோருக்கும் இரண்டே விஷயம் ஏற வேண்டும். 1 முதல் 15 வரையான அட்டவணை, பிறகு தன் சொந்த வார்த்தையில் ஒரு விதி. இந்த அட்டவணையை நிரப்பும் பிள்ளை தன்னையறியாமல் முப்பது, நாற்பது கூட்டல் போட்டிருக்கும். அதுவும் பயிற்சிதான், பயிற்சிப் பக்கம் என்று பெயர் இல்லாவிட்டாலும். ஒருவர் நோட்டில் அட்டவணையே இல்லாமல் விதி மட்டும் இருந்தால் பக்கத்தில் பார்த்து எழுதியது என்று தெரிந்துகொள்ளலாம். “27-க்கு எப்படி?” என்று கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தேர்வில் 95 வாங்குகிற பிள்ளை இதில் முதல் நாள் உறைந்துபோகலாம். “எத்தனை விடை வேணுமுங்க டீச்சர்?” என்று திரும்பத் திரும்பக் கேட்கும். பின்பெஞ்சில் யாரும் எதிர்பாராத ஒருவர் கட்டங்களை ஒழுங்காக வரிசைப்படுத்தி ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிப்பார். ஆகவே மீத்திறன் மாணவர் பட்டியலை ஜூன் மாதமே எழுதி மூடிவிட வேண்டாம்.

தீர்வே காணாத கணக்கைக் கொடுத்தால் இன்னும் நல்லதல்லவா என்று சிலர் கேட்கிறார்கள். இரட்டை எண் என்றால் பாதியாக்கு, ஒற்றை என்றால் மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டு, கடைசியில் 1-க்கே வருமா என்ற கணக்கு பிரபலம். எங்கள் கருத்தில் அது வகுப்புக்கு அவ்வளவு பொருந்தாது. யாரோ ஒருவர் 27-இல் தொடங்குவார். 1-ஐ அடைய 111 படி, நடுவில் 9232 வரை ஏறும். வழியில் எங்காவது ஒரு பெருக்கல் தவறினால் எல்லாம் போச்சு. கெட்டிக்காரப் பிள்ளைக்கோ கணக்கிட மட்டுமே இருக்கும், நிரூபிக்கக் கைப்பிடி எதுவும் கிடைக்காது. திறந்த கணக்கு என்றால் அந்த வயதுப் பிள்ளை தானே பிடித்து இறங்கக்கூடிய படிகள் உள்ளதாக இருக்க வேண்டும்.

கல்வி அலுவலர்களிடம் கேட்பவை சில. பார்வைக்கு வரும்போது அந்த இரண்டு நாள் நோட்டில் பயிற்சி எண்ணிக்கையைத் தேடாதீர்கள், அட்டவணையையும் விதியையும் பாருங்கள். பாடக் குறிப்பில் அந்த இரண்டு பாடவேளைக்குக் கற்றல் விளைவு எண் கேட்டு நிர்ப்பந்திக்காதீர்கள். குறுவள மையக் கூட்டத்தில் இதைத் திரையில் போட்டுக் காட்ட வேண்டாம். ஆசிரியர்களே ஜோடியாக உட்கார்ந்து 1 முதல் 30 வரை நிரப்பட்டும், விடை சொல்லாமல் நாற்பது நிமிடம் விடுங்கள். எட்டு வராமல் தாமே திணறிய ஆசிரியர்தான் வகுப்பில் எட்டாவது கட்டம் வரும்போது வாயை மூடிக்கொண்டிருப்பார். தயவுசெய்து மீத்திறன் மாணவர்களுக்கென்று தனி அறை ஒதுக்கும் யோசனையை எடுத்துவராதீர்கள். நாலு ஆசிரியர் உள்ள நடுநிலைப் பள்ளியில் அந்த அறைக்கு யார் போவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். ஓரிலக்கக் கூட்டலே இன்னும் பிடிபடாத பிள்ளைகள் சிலர் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள். இந்தக் கணக்கு அவர்களுக்கான பயிற்சியை ஈடுசெய்யாது, அது தனியாக நடந்தாக வேண்டும். ஆனால் கொட்டையை வைத்து 12-ஐப் படிக்கட்டாக்கும் வேலையை அவர்களிடமிருந்து பறிக்க எந்தக் காரணமும் இல்லை.

முதல் முறைக்கு 1 முதல் 30 வரையான கட்டத்தாளும் இரண்டு சீட்டும் போதும். அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு உங்கள் வகுப்பு டப்பாவில் விழுந்த ஊகச் சீட்டுகளை, தவறானவற்றையும் சேர்த்து, அப்படியே கொண்டுவாருங்கள்.

இப்படிக்கு,
நடுநிலை வகுப்புகளுக்குக் கணக்கு நடத்தும் சிலர், கொங்கு நாட்டிலிருந்து